சர்க்கரையா, சீனியா? நான்கு நாட்டுத் தமிழர்களுக்கும் ஒரே சமையல் குறிப்பை எழுதும் முறை

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில் ஒப்புட்டு சுடாத தீபாவளி இல்லை. மற்ற ஊர்களில் அதைப் போளி என்பார்கள். அம்மாவின் அம்மாவான அம்மிச்சியிடம் கேட்டு அதன் செய்முறையை எழுதி வெளியிட்டபோது, மேல்மாவைப் பற்றி இப்படி ஒரு வரி சேர்த்திருந்தேன்: "மைதா பிடிக்காதவர்கள் கோதுமை மாவில் செய்யலாம், அப்போது 30 மில்லி தண்ணீரைக் கூட்டுங்கள்."

யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வாழும் ஒரு வாசகி அதன்படி செய்துவிட்டு எழுதினார்: "கோதுமை மாவுக்கு நீங்கள் சொன்ன அளவுதான் தண்ணீர் விட்டேன். மா கையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது." அவர் மீது தவறில்லை. இலங்கையில் கோதுமை மா என்றால் நாம் மைதா என்று சொல்லும் வெள்ளை மாவுதான். தவிட்டோடு அரைத்ததை அங்கே ஆட்டா மா என்பார்கள். தவிடு தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால்தான் அந்த 30 மில்லியை நான் கூட்டச் சொன்னேன். வெள்ளை மாவில் அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை.

எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வாசகருக்குத் தெரியாத சொற்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். தெரியாத சொல் வந்தால் வாசகர் நின்று கேட்பார் அல்லது தேடிப் பார்ப்பார். வேறு பொருளில் தெரிந்த சொல் வந்தாலோ நிற்கவே மாட்டார், நேராக அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். ஆகவே இரண்டாவது வகையைத்தான் முதலில் தேட வேண்டும்.

முதல் படி: உங்கள் ஊர்த் தமிழில் எழுதி முடியுங்கள்

எழுதும்போதே எல்லா நாட்டுக்காரர்களையும் மனத்தில் வைத்தால் நடை செத்துவிடும். வடைச்சட்டி என்று வாயில் வந்தால் அப்படியே எழுதுங்கள். திருத்தம் பிறகுதான்.

இரண்டாம் படி: ஒவ்வொரு பொருளையும் கடையில் வாங்கிப் பாருங்கள்

பொருள்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் உங்கள் ஊர்க் கடையில் சொன்னால் என்ன கொடுப்பார்கள், யாழ்ப்பாணத்தில் என்ன கொடுப்பார்கள், மலேசியாவின் கிள்ளானில் என்ன கொடுப்பார்கள் என்று பாருங்கள். வெவ்வேறு பொருள் கைக்கு வரும் என்றால் அந்தச் சொல்லின் கீழ் கோடு போடுங்கள். என் ஒப்புட்டுக் குறிப்பில் நான்கு சொற்களின் கீழ் கோடு விழுந்தது.

கோதுமை மாவைச் சொல்லிவிட்டேன். மலேசியாவிலும் தெப்புங் கந்தும் என்று, அதாவது கோதுமை மாவு என்று, பொட்டலத்தில் போட்டு விற்பது வெள்ளை மாவுதான்.

அடுத்தது பருப்பு. தமிழ்நாட்டில் வெறுமனே பருப்பு என்றால் துவரம் பருப்பை எடுப்போம். இலங்கையில் கை தானாகப் போவது சிவந்த மைசூர்ப் பருப்புக்கு. அது நொடியில் குழைந்துவிடும், பூரணம் உருண்டையாக நிற்காது. மூன்றாவது, கடலை. நாம் கடலை மிட்டாய் என்று சொல்லும்போது நிலக்கடலையைச் சொல்கிறோம். இலங்கையில் நிலக்கடலைக்குக் கச்சான் என்று பெயர். அங்கே கடலை என்பது கொண்டைக்கடலை. ஆகவே கடலைப் பருப்பை முழுப் பெயரோடுதான் எழுத வேண்டும். "கடலையை ஊறவையுங்கள்" என்று சுருக்கினால், கொண்டைக்கடலையை ஊறவைத்துவிடுவார்கள்.

நான்காவதுதான் சர்க்கரை. இது கடல் தாண்டாமலே குழப்பும் சொல். கோவையில் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால் வெள்ளைச் சர்க்கரை. அம்மிச்சி வெள்ளையை அஸ்கா என்பார். அவருக்குச் சர்க்கரை என்றால் கரும்புப்பாலைக் காய்ச்சி உதிர்த்த பழுப்புத் தூள். எங்கள் பக்கத்துக் கவுந்தப்பாடியில் மூட்டை மூட்டையாக ஏலம் போவதும், பழனி கோவில் பஞ்சாமிர்தத்துக்கு வாங்கப்படுவதும் அதுதான். இலங்கைத் தமிழர்களும் அம்மிச்சியின் கட்சிதான்: வெள்ளையைச் சீனி என்பார்கள், சர்க்கரை என்றால் வெல்ல வகை. ஆக, என் குறிப்பில் வெறும் சர்க்கரை என்று எழுதியிருந்தது யாழ்ப்பாணத்தில் சரியாகப் போய்ச் சேர்ந்தது, கோவைக்குள்தான் தவறியது. காந்திபுரத்தில் இருக்கும் என் சித்தி மகள் வெள்ளைச் சர்க்கரையைப் போட்டாள். வெல்லத்தின் மணமும் நிறமும் இல்லாமல் வெளிறிய போளிகள் வந்தன.

மூன்றாம் படி: கோடு விழுந்த சொல்லுக்கு ஒரு பிடி கொடுங்கள்

சொல்லை மாற்றுவதைவிட, அதன் முன்னால் நிறத்தையோ பயனையோ வைப்பது நல்லது. பெயர் நாட்டுக்கு நாடு மாறும், நிறம் மாறாது.

முன்பு எழுதியது: "கடலையை வேகவைத்து, சர்க்கரை சேர்த்துக் கிளறுங்கள். மைதா பிடிக்காதவர்கள் கோதுமை மாவில் செய்யலாம், அப்போது 30 மில்லி தண்ணீரைக் கூட்டுங்கள்."

இப்போது இருப்பது: "250 கிராம் கடலைப் பருப்பை, விரலால் நசுங்கும் அளவுக்கு வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பழுப்பு நிற நாட்டுச் சர்க்கரை 250 கிராம் சேர்த்துக் கிளறுங்கள், சீனி வேண்டாம். மேல்மாவுக்கு 200 கிராம் மைதா, அதாவது பாணும் கேக்கும் செய்யும் வெள்ளைக் கோதுமை மா. சப்பாத்திக்கான தவிட்டு மாவை எடுத்தால் மட்டும் 30 மில்லி தண்ணீரைக் கூட்டுங்கள்."

பாண் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். இலங்கையில் பிரெட்டுக்கு அதுதான் பெயர். பக்கத்தில் கேக் இருப்பதால் கோவைக்காரருக்கும் விளங்கிவிடும். வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்ற சொல்லை நான் எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. மதுரைக்குத் தெற்கேயும், இலங்கையிலும், மலேசியாவிலும், சிங்கப்பூரிலும் அதற்கு அந்த ஒரே பொருள்தான். கொங்குக்காரர்கள் அன்றாடம் சொல்லாவிட்டாலும் கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

நான்காம் படி: தெரியாத சொல்லை ஒரு முறை மட்டும் விளக்குங்கள்

வடைச்சட்டியைச் சென்னைக்காரர் வாணலி என்பார், யாழ்ப்பாணத்தார் தாச்சி என்பார், மலேசியத் தமிழர் குவாலி என்பார். நான்கையும் அடுக்கினால் அகராதியாகிவிடும். "வடை பொரிக்கும் குழிவான சட்டியை, எங்கள் ஊர் வடைச்சட்டியை, அடுப்பில் வையுங்கள்" என்று முதல் முறை எழுதிவிட்டு, அதன்பின் வடைச்சட்டி என்றே தொடருங்கள். இலங்கை வாசகருக்காகத் தாச்சி, கதைத்தல், பாவித்தல் என்று நீங்களாகவே மாற்றி எழுத வேண்டாம். இரண்டு வரிக்குள் நம் வினைமுற்று நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும், படிக்கிறவருக்குக் கூச்சமாக இருக்கும். மேலும், மட்டக்களப்பும் மலையகமும் யாழ்ப்பாணமும் ஒரே மாதிரி பேசுவதில்லை.

பணத்தைச் சொல்ல வேண்டியிருந்தால் நாட்டின் பெயரோடு சொல்லுங்கள். சிங்கப்பூரில் 5 வெள்ளி என்றால் 5 டாலர். ஈரோட்டில் அதைப் படிப்பவர் நகைக்கடையை நினைப்பார்.

ஐந்தாம் படி: சரியான கேள்வியோடு சோதியுங்கள்

வெளியூர் நண்பர் ஒருவருக்கு அனுப்பி "புரிகிறதா?" என்று கேட்டால் "புரிகிறது" என்றுதான் பதில் வரும். டொராண்டோ வாசகியும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அவருக்குப் புரிந்துதான் இருந்தது, வேறு மாதிரி. அதனால் நான் இப்போது கேட்பது: "இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் எந்தெந்தப் பொட்டலத்தை எடுப்பீர்கள்? அவற்றின் நிறம் என்ன?"

திருத்திய குறிப்பை அவருக்கே அனுப்பி இதைத்தான் கேட்டேன். மா வெள்ளை, சர்க்கரை பழுப்பு, பருப்பு மஞ்சள் என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி வைத்தார்: "அரை மூடி தேங்காய் என்கிறீர்களே, தேங்காய்ப்பூவாகப் போடுவதா, சொட்டாகப் போடுவதா?" துருவல் என்ற சொல்லை நான் விட்டிருந்தேன். எங்கள் ஊரில் தேங்காய்ப்பூ என்று தள்ளுவண்டியில் விற்பது, முளைவிட்ட தேங்காய்க்குள் இருக்கும் வெள்ளைப் பந்து. ஐந்தாவது கோட்டைப் போட்டுவிட்டு, "அரை மூடித் தேங்காயைப் பூப்பூவாகத் துருவியது" என்று மாற்றினேன்.