பழைய நூல்களை மெய்ப்புப் பார்க்கும்போது: எழுத்துணரி விட்டுச்செல்லும் பிழைகளும் நாம் சேர்க்கும் பிழைகளும்

“அவனே அழைத்தான்” என்று, பக்கத்தின் படத்தை உரையாக மாற்றும் மென்பொருளான எழுத்துணரி தந்த வரியில் மெய்ப்புப் பார்ப்பவரின் கண் நிற்பதில்லை. சொற்கள் இரண்டும் சரியானவை, வாக்கியமும் பொருள் தருகிறது. பக்கத்தின் படத்தைத் திறந்தால் அங்கே “அவனை அழைத்தான்” என்றிருக்கும். அழைக்கப்பட்டவன் அழைத்தவனாக மாறிவிட்டான்.

இதன் காரணம் பழைய அச்செழுத்து. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை, ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவுடனும், ணா, றா, னா ஆகியவை கால் தனியே நிற்காமல் எழுத்தோடு ஒட்டிய சுழியுடனும் அச்சாயின. பெரியார் 1935 முதலே குடி அரசு இதழில் புதிய வடிவங்களைக் கையாண்டதால், ஆண்டை மட்டும் வைத்து ஒரு நூலின் எழுத்தை முடிவுசெய்ய இயலாது. முதல் சில பக்கங்களின் படத்தைப் பார்த்துவிடுவதே நல்லது. இந்த வடிவங்களை அறியாத எழுத்துணரி, ‘தலை’யைத் ‘தலே’ என்றும், ‘என்றார்’ என்பதை ‘என்ருர்’ என்றும், ‘கூறினார்’ என்பதைக் ‘கூறிஞர்’ என்றும், ‘காணாமல்’ என்பதைக் ‘காணுமல்’ என்றும் எழுதித் தருகிறது.

இங்கேதான் முதல் பெரிய தவறு நேர்கிறது. ஒரே பிழை நூறு இடங்களில் வருவதைக் கண்டவர், நூல் முழுவதற்கும் ஒரே கட்டளையில் ‘ஞர்’ என்பதை ‘னார்’ என்று மாற்றிவிடுகிறார். ‘கூறிஞர்’ திருந்திவிடும்; ஆனால் ‘அறிஞர்’ ‘அறினார்’ ஆகிவிடுவார், கவிஞரும் இளைஞரும் அவ்வாறே சிதைவார்கள். ‘லே’ என்பதை ‘லை’ ஆக்கினால் ‘வீட்டிலே’ என்பது ‘வீட்டிலை’ ஆகும். இந்தப் புதிய பிழைகள் எழுத்துணரி செய்தவை அல்ல என்பதால், அவற்றைத் தேடவேண்டும் என்ற எண்ணமே பிறகு யாருக்கும் எழாது.

நான் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது: தேடும் எழுத்துத்தொடர், பிழையற்ற தமிழில் எங்கேனும் வருமா? வராது என்றால் மட்டுமே மொத்தமாக மாற்றலாம். ‘ன்ருர்’ தமிழில் வராது. அதை ‘ன்றார்’ ஆக்குவதில் அச்சமில்லை. துணைக்காலின்மேல் புள்ளி வைத்த ‘ா்’ என்பதும் அப்படியே. ‘அவா்’ என்று துணைக்காலால் உள்ளிடப்பட்டது கண்ணுக்கு ‘அவர்’ போலவே தெரியும், ஆனால் தேடலில் அகப்படாது. இதைத் தயக்கமின்றி ‘ர்’ ஆக்கலாம். இதற்கு நேர்மாறானது ஔகாரம். ‘கௌரவம்’ பல இடங்களில் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகக் ‘கெளரவம்’ என்று கிடக்கும். ஆனால் கொம்போடு ளகரம் ‘வெளி’யிலும் ‘தெளிவு’ என்பதிலும் முறையாகவே வருகிறது. ஆகவே இதைச் சொல் சொல்லாகத்தான் திருத்தவேண்டும்.

சொற்பிழை திருத்தி தவறான சொல்லைக் காட்டும். இடம் மாறிய நல்ல சொல்லை விட்டுவிடும். மங்கிய அச்சில் ஒரு புள்ளி விடுபட்டால் ‘பல்’ ‘பல’ ஆகும். ணகரத்தின் ஒரு சுழி மறைந்தால் ‘மணம்’ ‘மனம்’ ஆகும். ஆகவே உரையை மட்டும் வாசித்துப் பொருள் சரியாக இருக்கிறது என்று நகர்வது தவறு. பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்க்கும் இணைய நூலகமான விக்கிமூலத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சளாகவும், வேறொருவர் சரிபார்த்தபின் பச்சையாகவும் குறிக்கப்படுகிறது. அந்த இரண்டாமவரும் படத்தோடு ஒப்பிடாமல் உரையை மட்டும் படித்தால், ‘அவனே’ பச்சைப் பக்கத்திலும் அப்படியே இருக்கும்.

உடைந்த சொற்களுக்கு வருவோம். தமிழ் அச்சில் வரியின் இறுதியில் சொல்லைப் பிரிக்கும்போது பெரும்பாலும் கோடு இடுவதில்லை. ‘வந்’ மேல் வரியிலும் ‘தான்’ கீழ் வரியிலும் நிற்கும். இங்கே மொழியின் இலக்கணமே உதவுகிறது. க், ச், த், ப் ஆகியவை சந்தியாகச் சொல்லின் இறுதியில் நிற்கலாம். ங், ஞ், ந், ற் ஆகியவை அவ்வாறு நிற்பது அரிது. எனவே கீழ்க்காணும் தேடல் இந்த நான்கு எழுத்துகளில் உடைந்த இடங்களைக் காட்டிவிடும்:

```
(ங்|ஞ்|ந்|ற்)\s
```

ட் இதில் சேராததற்குக் காரணம், ‘டிக்கெட்’ போன்ற கடன்சொற்கள் நிறையவே அகப்படும் என்பது. உயிரெழுத்திலோ உயிர்மெய்யிலோ உடைந்த சொற்களை இந்தத் தேடல் காட்டாது. அவற்றைக் கண்ணால்தான் பிடிக்கவேண்டும்.

பொருந்தாத குறிகளை அழிக்கும்போதும் படத்தைப் பார்ப்பது நல்லது. தாளின் கறை புள்ளியாகவும் மேற்கோள்குறியாகவும் வந்திருக்கும், ஆனால் ஒரு நட்சத்திரக்குறி அடிக்குறிப்புக்கு உரியதாக இருக்கலாம். இயலின் தலைப்பில் தனியே நிற்கும் ‘க’, ‘உ’ ஆகியவை பெரும்பாலும் எழுத்துகளே அல்ல. ஒன்றையும் இரண்டையும் குறிக்கும் தமிழ் எண்கள் ௧, ௨ அவ்வாறு வாசிக்கப்பட்டவை. அவற்றை அழித்தால் இயல் எண்ணே போய்விடும்.