'தெரியப்படுத்தவும்' என்று முதலாளிக்கு எழுதலாமா?

வேலை கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதும் பிள்ளைகள் யாரும் பெரியவரை 'நீ' என்று எழுதுவதில்லை. 'வணக்கம் ஐயா' என்று சரியாகத்தான் தொடங்குகிறார்கள். கெடுவது வாக்கியம் முடிகிற இடத்தில்.

'-வும்' என்கிற வால்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஜவுளிக் கடை என்று வைத்துக்கொள்வோம். 60 வயது தாண்டிய முதலாளி, கணக்கு பார்க்க ஆள் தேடுகிறார். அவருக்கு இப்படி ஒரு செய்தி போகிறது:

"வணக்கம் ஐயா. கணக்கு வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். சம்பள விவரம் தெரியப்படுத்தவும். நேர்காணல் நேரத்தை உறுதி செய்யவும்."

எழுதியவருக்கு இது மரியாதையான நடை. படிப்பவருக்கு, கோயில் வாசலில் தொங்கும் 'காலணிகளை வெளியே விடவும்' பலகை. 'சொல்லுங்கள்' என்பதில் உள்ள '-ங்கள்' எதிரே இருப்பவரை மதிக்கிறது. '-வும்' வடிவத்தில் அது கிடையாது. யாரையும் பார்த்துப் பேசாமல் பொதுவாகக் கட்டளை போடுகிறது. முன்னால் 'தயவுசெய்து' சேர்த்தாலும் மாறாது; பலகையிலும் அதே சொல்தான் இருக்கிறது.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்தே தொற்றுகிறது. 'ஆள் தேவை, நேரில் வரவும்' என்று கடைக்காரர் எழுதலாம். அவர் ஆள் எடுப்பவர். அதே நடையை அவரிடமே திருப்பி அனுப்பினால், வேலைக்கு வருமுன்பே வேலை ஏவுவதுபோல் ஆகிவிடும். எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது!

கண்டுபிடிப்பது சுலபம். கல்லாவுக்கு எதிரே நின்று அவர் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொல்ல வருமா? 'தெரியப்படுத்தவும்' என்று யாரும் வாயால் பேசுவதில்லை.

ஆகவே கட்டளையைக் கேள்வியாக்குங்கள், அல்லது 'சொன்னால்' என்று அவர் விருப்பத்துக்கு விடுங்கள்:

"வணக்கம் ஐயா. உங்கள் கடையில் கணக்கு பார்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடம் மளிகைக் கடையில் கணக்கு எழுதியிருக்கிறேன். கடையில் கூட்டம் இல்லாத நேரம் எது என்று சொன்னால், வந்து பார்க்கிறேன்."

சம்பளத்தை நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

பாஸ்

இப்படிக் கூப்பிடுவதை மாமாக் கடையில் தே தாரிக் கேட்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிள், ஆண்டி

துணி வாங்கப் போனபோது அப்படிக் கூப்பிட்டிருக்கலாம். வேலை கேட்கும்போது உறவு சொன்னால் சலுகை கேட்பதுபோல் இருக்கும். 'ஐயா', 'அம்மா' போதும். அவராக 'தம்பி' என்று அழைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

'உங்கள் கடைப் பையன் சொன்னான்'

அந்தப் பையன் அவருடைய மருமகனாக இருக்கலாம். 'சொன்னார்' என்றே எழுதுங்கள்.

தாங்கள், நீங்கள்

ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறு கடைக்கு 'நீங்கள்' போதும்.

பதில் வந்த பிறகு

அவர் குரல்பதிவில் 'நாளைக்கு வாப்பா' என்று சாதாரணமாகச் சொல்வார். அதற்குக் கட்டைவிரல் படம் மட்டும் போடாதீர்கள். 'சரிங்க ஐயா, நாளைக்கு 3 மணிக்கு வருகிறேன்' என்று எழுதுங்கள்.