குழந்தையின் கஞ்சி: தண்ணீரில் தொடங்கும் தவறுகள்

“அக்கா, மூணு வேளையும் கிண்ணம் நிறையக் கஞ்சி குடிக்கிறான். ஆனா எடை ஏறவே மாட்டேங்குது.” ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் தங்கை இப்படிச் சொன்னபோது, நான் முதலில் கேட்டது கஞ்சியைக் காட்டச் சொல்லித்தான். கரண்டியில் எடுத்துச் சாய்த்தாள். பால் மாதிரி வழிந்து ஓடியது. ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ச்சியிருந்தாள். “கெட்டியா இருந்தா தொண்டையில அடைச்சுக்கும்னு பயம்” என்றாள்.

வீட்டில் காய்ச்சும் கஞ்சியில் நடக்கும் மற்ற தவறுகள் பலவும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. அவள் கஞ்சியையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மேசைக்கரண்டி மாவு சுமார் 10 கிராம். அதில் 35 கலோரி. அது 200 மில்லி தண்ணீரில் கரைந்திருக்கிறது. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு, பாலுக்கு மேல் உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி தேவை. இந்தக் கஞ்சியில் அதை எட்ட வேண்டுமானால் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். ஆனால் அந்த வயிறு கிலோவுக்கு 30 மில்லி என்ற அளவில்தான் கொள்ளும். ஏழு கிலோ குழந்தை என்றால் ஒரு வேளைக்கு 200 மில்லிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வயிறு தண்ணீரால் நிரம்பிவிடும், தாய்ப்பாலும் குறையும். குழந்தை அழாமல் தூங்கிவிடுவதால் வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

சரி, மாவை மட்டும் கூட்டினால் போதுமா? மாவுச்சத்து வேகும்போது தண்ணீரை உறிஞ்சி உப்பும். மாவைக் கூட்டக் கூட்டக் கஞ்சி களியாகிவிடும், ஏழு மாதக் குழந்தையால் அதை விழுங்க முடியாது. இந்த இடத்தில்தான் கொழுப்பு உதவுகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 40 கலோரி இருக்கிறது, அவளுடைய டம்ளர் கஞ்சி முழுவதிலும் இருந்ததைவிட அதிகம். அது கஞ்சியின் அளவைக் கூட்டுவதில்லை, கெட்டியாக்குவதுமில்லை. வழவழப்பாக்கி விழுங்குவதை எளிதாக்கும்.

தங்கைக்கு நான் செய்து காட்டியது இதுதான். ஒன்றரை மேசைக்கரண்டி அரிசி மாவு, அரை மேசைக்கரண்டி வறுத்து அரைத்த பருப்பு மாவு, இரண்டும் சேர்த்து 20 கிராம். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்தேன். கொதிக்கிற தண்ணீரில் மாவைத் தூவினால் ஒவ்வொரு கட்டியும் வெளியே வெந்து மூடிக்கொள்ளும். பிட்டுப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக வேகாத மாவு இருக்கும். மொத்தம் 150 மில்லி தண்ணீரில், சிறுதீயில், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் வேகவைத்தேன். பருப்பு மாவு அரைகுறையாக வெந்தால் அதன் புரதம் சரியாகச் செரிக்காது, வயிறும் உப்பும். அதனால் இந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்க வேண்டாம். இறக்கியபின் ஒரு தேக்கரண்டி எண்ணெய். அரைக் கிண்ணம்தான் வந்தது, ஆனால் அதில் ஏறக்குறைய 110 கலோரி. அப்படி இரண்டு வேளை கொடுத்தால் அந்த 200 வந்துவிடுகிறது. பதம் பார்க்க, கரண்டியைச் சாய்க்கவும். கஞ்சி கரண்டியிலேயே நிற்க வேண்டும், பிறகு மெதுவாக நழுவ வேண்டும்.

கெட்டியாகத் தோன்றினால் தண்ணீர் ஊற்றாமல், வெதுவெதுப்பாக ஆறியபின் கொஞ்சம் தாய்ப்பாலை விட்டுக் கலக்குங்கள். அதிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கும், சத்தும் கூடும். கொதிக்கக் கொதிக்க விட்டால் நொதி செத்துவிடும்.

எண்ணெய் நல்லது என்று தெரிந்ததும் மூன்று நான்கு கரண்டி ஊற்றுகிறவர்களும் உண்டு. அப்போது கலோரி வந்துவிடும், வயிறும் நிறைந்துவிடும், ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் போகவேண்டிய இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள்.

புரதத்தில் நடக்கும் தவறு, தானியத்தோடு இன்னொரு தானியத்தைச் சேர்ப்பது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எதுவானாலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. ஐந்து தானியம் கலந்தாலும் அந்தக் குறை அப்படியேதான் இருக்கும். பருப்பிலும் பயறிலும் லைசின் தாராளம். அதனால்தான் மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு. 20 கிராம் அரிசி மாவில் சுமார் 1.4 கிராம் புரதம் என்றால், மேலே சொன்ன கலவையில் 2 கிராமுக்குச் சற்று மேல். வேகவைத்த முட்டையில் பாதியை மசித்துச் சேர்த்தால் இன்னும் 3 கிராம். முட்டை முழுக்க வெந்திருக்க வேண்டும். வேர்க்கடலையை விழுதாக அரைத்து ஒரு தேக்கரண்டி கலந்தால் கொழுப்பும் புரதமும் சேர்ந்தே வரும், அன்றைக்கு எண்ணெயைக் குறைத்துக்கொள்ளலாம். முழுக் கடலையோ உடைத்ததோ வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். கடுமையான கரப்பான் அல்லது வேறு உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு முட்டையும் கடலையும் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

இருபது பொருள் போட்டு ஒரே நாளில் அரைத்து வைக்கும் சத்துமாவு எனக்குச் சம்மதமில்லை. உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. கொட்டைகளை அரைத்து வைத்தால் அவற்றின் எண்ணெய் சில வாரங்களில் சிக்கடித்துவிடும். தானிய மாவும் பருப்பு மாவும் தனித்தனி டப்பாவில் இருக்கட்டும், கொட்டையை அவ்வப்போது அரைத்துக்கொள்ளலாம். புதிய பொருள் ஒவ்வொன்றாக, இடையில் இரண்டு மூன்று நாள் விட்டு.

இனி, சர்க்கரையும் உப்பும். இவை கஞ்சிக்குள் நுழைவது பெரும்பாலும் பெரியவர்களின் நாக்கு வழியாகத்தான். அம்மா ஒரு சொட்டு ருசி பார்ப்பார், “ஐயோ, சப்புன்னு இருக்கே” என்பார், உடனே ஒரு சிட்டிகை விழும். ஆனால் குழந்தைக்கு இதுவரை தெரிந்த ஒரே ருசி பால்தான், அதற்கு இந்தக் கஞ்சி சப்பென்று இருப்பதில்லை. ஒரு வயதுக்குள் தேவையான உப்பு பாலிலும் உணவிலுமே இயல்பாக இருக்கிறது. மேலே சேர்ப்பதைச் சிறுநீரகம்தான் சுமக்க வேண்டும். உப்பு போட்ட வெண்ணெய், பெரியவர்களுக்கு வைத்த சூப், கடையில் வாங்கும் சூப் கட்டி எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும்.

சர்க்கரை இரண்டு வயதுவரை வேண்டாம். வெல்லமும் பேரீச்சம்பழச் சாறும் ‘இயற்கை’ என்ற பெயரில் வருகின்றன, உடம்புக்கு அவையும் சர்க்கரைதான். கலோரிக்காகத்தான் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 16 கலோரி, எண்ணெயில் 40. தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள் கஞ்சியோடு கொதிக்க வைத்தாலும் சாகாது. இனிப்பு வேண்டுமென்றால் பழுத்த பழத்தை மசித்துச் சேருங்கள்.

மூன்று நாள் கழித்துத் தங்கை மறுபடி கூப்பிட்டாள். “நீங்க சொன்ன பதத்துலதான் எடுத்தேன், பாதி ஊட்டுறதுக்குள்ள தண்ணியாயிடுச்சு” என்றாள். அது அவள் தவறில்லை. வாயில் வைத்த கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் விடும்போது எச்சிலும் சேருகிறது. எச்சிலிலும் தாய்ப்பாலில் உள்ளது போன்ற நொதி உண்டு. சத்து எங்கும் போய்விடவில்லை, அப்படியே ஊட்டலாம். ஆனால் எச்சில் பட்ட மிச்சத்தை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக்கூடாது, கிருமி பெருகும். அதனால் இப்போது அவள் கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் பிரித்துக்கொள்கிறாள். ஒன்றிலிருந்து ஊட்டுகிறாள். இன்னொன்றை மூடி வைத்து, வேண்டுமானால் மட்டும் சுத்தமான கரண்டியால் எடுத்துக்கொள்கிறாள்.