ஆய்வேட்டின் முடிவுகள் இயலைத் திருத்துவது எப்படி: அட்டவணையும் உரையும் ஒத்துப்போகிறதா?

முடிவுகள் இயலை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். உரையை முதலில் படித்தால் மாணவர் சொல்வதை மனம் நம்பிவிடும். பிறகு அட்டவணையைப் பார்க்கும்போது அதே முடிவுதான் கண்ணில் படும். அதனால் முதலில் அட்டவணைகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "யார் கூடுதல், வேறுபாடு குறிப்பிடத்தக்கதா" என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதிவிட்டு, அதன்பின் உரைக்குப் போங்கள்.

படி 1: எண்ணிக்கையைத் தொடருங்கள்

125 வினாத்தாள் கொடுத்து, 5 முழுமையற்றவை என்று நீக்கியதாக மூன்றாம் இயல் சொன்னால், நான்காம் இயலில் 120 இருக்க வேண்டும். ஏதோ ஓர் அட்டவணையில் மட்டும் 118 என்று வந்தால், அந்த இருவர் ஏன் விடுபட்டார்கள் என்று அட்டவணையின் அடிக்குறிப்பில் இருக்க வேண்டும்.

படி 2: ஓர் அட்டவணையையாவது நீங்களே கணக்கிடுங்கள்

மாதிரிக்கு ஒன்று. 40 மதிப்பெண் கணிதத் தேர்வு, மாணவர்–மாணவியர் ஒப்பீடு:

| பிரிவு | எண்ணிக்கை | சராசரி | திட்ட விலக்கம் | t | df | p |
|---|---|---|---|---|---|---|
| மாணவர் | 62 | 22.10 | 5.60 | -2.30 | 118 | 0.412 |
| மாணவியர் | 58 | 24.35 | 5.10 | | | |

கீழே உரை: "p மதிப்பு 0.05-ஐ விட அதிகம்; எனவே இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது." அட்டவணையும் உரையும் ஒன்றையே சொல்வதால் அவசரத்தில் முழு மதிப்பெண் போட்டுவிடத் தோன்றும். எக்செலில் இரண்டு வரி போட்டுப் பாருங்கள்:

```
=ABS(22.10-24.35)/SQRT(5.60^2/62+5.10^2/58)
=T.DIST.2T(2.30,118)
```

முதல் வரி 2.30 தரும், t சரி. இரண்டாவது 0.023 தரும், p தவறு. (-2.30 என்று குறியோடு போட்டால் `#NUM!` வரும். குறியை நீக்கிவிட்டுப் போடுங்கள். மாணவரை முதல் பிரிவாக வைத்ததால்தான் t-க்குக் கழித்தல் குறி வந்தது, அது பிழையல்ல.)

அப்படியானால் 0.412 எங்கிருந்து வந்தது? எஸ்பிஎஸ்எஸ் தரும் t சோதனை அட்டவணையின் இடப்பக்கத்தில் `Levene's Test` என்ற பகுதி உண்டு. அதற்கும் `Sig.` என்ற நிரல் இருக்கிறது. இரு பிரிவுகளின் சிதறல் சமமா என்பதை மட்டுமே அது சொல்லும். 0.05-க்கு மேல் இருந்தால் மேல் வரியைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். சராசரி வேறுபாட்டுக்கான p வலப்பக்கம் இருக்கிறது. இடமிருந்து படிப்பவர் கண்ணில் முதலில் படும் `Sig.`-ஐ எடுத்து எழுதிவிட, ஆய்வின் முடிவே தலைகீழாகிவிடுகிறது.

df 118 என்று முழு எண்ணாக இருந்தால் மேல் வரி. 117.92 போலத் தசமத்தில் இருந்தால் கீழ் வரியிலிருந்து எடுத்திருக்கிறார். t ஒரு வரியிலும் df இன்னொரு வரியிலும் எடுத்துக் கலந்திருந்தால் இதில் பிடிபடும்.

பின்சேர்க்கை: எஸ்பிஎஸ்எஸ் 28-லிருந்து `One-Sided p`, `Two-Sided p` என இரண்டு நிரல்கள் வருகின்றன. இங்கே 0.012 என்று இருந்தால் ஒருபக்க மதிப்பை எடுத்திருக்கிறார் என்று பொருள். கருதுகோள் "வேறுபாடு இல்லை" என்று மட்டும் இருந்தால் இருபக்க மதிப்புதான் வேண்டும்.

படி 3: உரையின் வினைச்சொற்களைப் பாருங்கள்

"மாணவியர் சராசரி கூடுதல்" என்பதற்கு அட்டவணையில் ஆதாரம் இருக்கிறது. "மாணவியர் அதிகம் உழைப்பதால்" என்பதற்கு இல்லை. அது விவாத இயலுக்குப் போக வேண்டும். "0.01 மட்டத்தில் குறிப்பிடத்தக்கது" என்றால் 0.023 அதற்குப் பொருந்தாது. `.000` என்று அப்படியே ஒட்டியிருந்தால் "0.001-க்கும் குறைவு" என்று மாற்றச் சொல்லுங்கள். எந்த p மதிப்பும் சுழியாக இருக்காது.

படி 4: மதிப்பெண்

20-க்கு என்றால் அட்டவணைக்கு 6, பொருத்தத்துக்கு 10, வரிசைக்கும் நடைக்கும் 4 என்று பிரிப்பது என் விருப்பம். மேலே பார்த்த 0.412 பிழைக்கு அட்டவணையில் ஒருமுறை குறையுங்கள். அதை வைத்து எழுதிய உரை தன்னளவில் சரியான தர்க்கம். அங்கே மறுபடி குறைக்க வேண்டாம். அட்டவணையில் 0.023 என்று சரியாக இருந்தும் உரையில் "வேறுபாடு இல்லை" என்று எழுதியிருந்தால்தான் பொருத்தத்தில் கை வைக்க வேண்டும். அது படித்தறியத் தெரியாத பிழை, முன்னது எடுத்தெழுதிய பிழை. ஓரக்குறிப்பிலும் வெறும் கேள்விக்குறி போடாமல், "எந்த நிரலிலிருந்து எடுத்தீர்கள்?" என்று எழுதுங்கள்.