வளர்ச்சி வரைபடம்: ஒற்றைப் புள்ளியை நம்பி ஏமாறாதீர்கள்

எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் இளம் மருத்துவர்கள் வளர்ச்சி வரைபடத்தைப் படிக்கும்போது, நான் அந்த வயதில் செய்த தவறுகளையே செய்கிறார்கள். ஆண், பெண் வரைபடங்களை மாற்றி எடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

பெர்சன்டைலை மார்க் மாதிரி படிப்பது

ஒரு பையன் எடையில் 15வது பெர்சன்டைல் என்றால், அதே வயதுள்ள நூறு ஆண் குழந்தைகளில் சுமார் 15 பேர் இவனைவிட எடை குறைவு, மற்றவர்கள் கூடுதல். அவ்வளவுதான். 50ஐ எட்டியே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை.

ஒரு நாள் எடையை வைத்துத் தீர்ப்பு சொல்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஒரு வயது நிரம்பிய இரண்டு பையன்களை எடுத்துக்கொள்வோம். ஒருவன் 8.6 கிலோ, இன்னொருவன் 9.1 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் இந்த வயதுக்கு நடுக்கோடு 9.6 கிலோ. முதல் பையனின் அம்மா கவலைப்படுகிறார், இரண்டாமவனின் அம்மா நிம்மதியாக இருக்கிறார்.

இப்போது பழைய புள்ளிகளைப் பாருங்கள். முதல் பையன் 6 மாதத்தில் 7.1, 9 மாதத்தில் 7.9 கிலோ. ஆரம்பத்திலிருந்தே 15வது கோட்டை ஒட்டித்தான் வருகிறான். ஓடி விளையாடுகிறான் என்றால் அது அவனுடைய பாதை. அவன் வாயில் வலுக்கட்டாயமாக ஊட்ட வேண்டியதில்லை. இரண்டாமவன் 6 மாதத்தில் 8.8 கிலோ, அதாவது 85க்குப் பக்கத்தில். 9 மாதத்தில் 9.0. ஆறு மாதத்தில் ஏறியது வெறும் 300 கிராம். நடுக்கோட்டில் வரும் குழந்தை அதே காலத்தில் ஏறக்குறைய 1.7 கிலோ ஏறும். உடனே காரணம் தேட வேண்டியது இவனுக்குத்தான்.

இப்படி ஒரு குழந்தையை நான் "எடை நார்மல்தான்" என்று அனுப்பியிருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த சிறுநீர்த் தொற்று சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பழைய புள்ளிகள் அதே அட்டையில்தான் இருந்தன, நான் அவற்றைக் கோடாக இணைத்துப் பார்க்கவில்லை.

கோடு மாறினாலே நோய் என்றும் சொல்ல முடியாது. முதல் இரண்டு வருடத்தில் பல குழந்தைகள் பெற்றோரின் உடல்வாகுக்கு ஏற்ற கோட்டுக்கு மெதுவாக நகர்வதுண்டு. என்ன காரணம் என்பதை வரைபடம் சொல்லாது. குழந்தையைப் பரிசோதித்து, சாப்பாடு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு பற்றிக் கேட்டால்தான் தெரியும்.

உயரத்தைப் பார்க்காமல் எடையை மட்டும் பார்ப்பது

குள்ளமான குழந்தைக்கு எடையும் குறைவாகத்தான் இருக்கும். உயரத்துக்கேற்ற எடை வரைபடத்தையும் பாருங்கள்.

படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளந்து குழப்புவது

நிற்கும்போது சுமார் 0.7 செ.மீ. குறையும்.

குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடுவது

இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு ஆறாவது மாதப் புள்ளியை நான்காவது மாதத்தில் வையுங்கள். இரண்டு வயது வரை இப்படித்தான்.