கிடங்கு ஸ்பிரிங்க்ளர் கணக்குச் சுருக்கத்தில் செய்யக்கூடாத தவறுகள்

ஹைட்ராலிக் கணக்கு முழுதாக நாற்பது பக்கம் இருந்தாலும், ஒப்புதல் தருபவர் முதலில் பார்ப்பது முன்னால் இணைத்திருக்கும் ஒற்றைப் பக்கச் சுருக்கத்தைத்தான். அபாய வகுப்பு, வடிவமைப்பு அடர்த்தி, பம்ப் டியூட்டி ஆகிய மூன்றும் அதில் இருக்கும். பம்ப்பும் தொட்டியும் வாங்கப்படுவது அந்தப் பக்கத்தை வைத்துத்தான். எழுத்துப்பிழை, தேதி விடுபடுவது, வரைபட எண் மாறுவது போன்றவற்றைச் சரிபார்ப்பவர் பிடித்துவிடுவார். இங்கே பார்க்கப்போவது யார் கண்ணிலும் படாமல் நழுவிப்போகும் தவறுகளை. இதில் வரும் விதிகள் என்.எஃப்.பி.ஏ. 13-இன் அடர்த்தி/பரப்பு முறைப்படி.

வகுப்பைக் கட்டடத்தின் பெயரிலிருந்து எடுப்பது

"கிடங்கு, ஆர்டினரி ஹசார்ட் குரூப் 2" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கிடங்கு என்பது கட்டடத்தின் பெயர். தீயின் அளவைத் தீர்மானிப்பது உள்ளே அடுக்கியிருக்கும் சரக்கு. மிதமான வேகத்தில் வெப்பம் தரும் பொருள் 3.7 மீட்டருக்கு மேலும், வேகமாக வெப்பம் தருவது 2.4 மீட்டருக்கு மேலும் அடுக்கப்பட்டால் குரூப் 2 செல்லாது. சேமிப்புக்கான அத்தியாயங்களுக்குப் போக வேண்டும். ஆகவே சுருக்கத்தில் வகுப்பின் பெயரோடு சரக்கு வகை, அடுக்கும் உயரம், ரேக்கா தரை அடுக்கா, கூரை உயரம் ஆகியவையும் இருக்க வேண்டும்.

பலகைத்தட்டையும் மறக்கக்கூடாது. மரத் தட்டுக்குப் பதில் வலுவூட்டாத பாலிப்ரொப்பிலீன் தட்டு வந்தால் சரக்கின் வகுப்பு ஒரு படி ஏறும், வலுவூட்டிய தட்டு என்றால் இரண்டு படி. வாடிக்கையாளர் தட்டை மாற்றினால் அதை ஸ்பிரிங்க்ளர்காரரிடம் சொல்லமாட்டார். தட்டின் வகையைச் சுருக்கத்தில் எழுதி வைத்திருந்தால், மாற்றம் நடக்கும்போது கேள்வி கேட்க ஓர் ஆதாரமாவது இருக்கும்.

அடர்த்தியைப் பரப்பால் பெருக்கிப் பம்ப் ஓட்டம் என்று எழுதுவது

புதிதாக வருபவர்கள் தொடர்ந்து செய்வதும், எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவதும் இந்தத் தவறுதான். பெருக்கல் சரியாக இருக்கும், அலகும் சரியாக இருக்கும், விடை மட்டும் தவறு. ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

சேமிப்பு வளைவிலிருந்து கிடைத்த அடர்த்தி நிமிடத்துக்கு 12.2 மி.மீ., வடிவமைப்புப் பரப்பு 186 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஈரக்குழாய் அமைப்பு, மர வடிவில் கிளைகள், ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளரும் 3 x 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டரைக் காக்கிறது. ஸ்பிரிங்க்ளர் கே-115, இந்த அடர்த்திக்கு அதைவிடச் சிறியது அனுமதிக்கப்படுவதில்லை.

அவசரக்காரர் 12.2-ஐ 186-ஆல் பெருக்குவார். நிமிடத்துக்கு 2269 லிட்டர். வெளி ஹோஸுக்கு 1893 லிட்டர் கூட்டினால் 4162. காலம் 120 நிமிடம் என்றால் தொட்டி 499 கன மீட்டர். 500 கன மீட்டர் தொட்டி கச்சிதமாகப் பொருந்திவிட்டதே என்று மகிழ்ச்சியோடு ஆர்டர் போடுவார்.

இப்போது முறையான கணக்கு. 186-ஐ 9-ஆல் வகுத்தால் 20.7, ஆகவே 21 ஸ்பிரிங்க்ளர்கள். கிளைக்குழாய் ஓடும் திசையில் பரப்பின் நீளம் குறைந்தது பரப்பின் வர்க்கமூலத்தைப் போல் 1.2 மடங்கு இருக்க வேண்டும். அது 16.4 மீட்டர், அதாவது ஒரு கிளையில் 6 ஸ்பிரிங்க்ளர். மூன்று கிளைகளில் ஆறாறு, நான்காவதில் குறுக்குக் குழாயை ஒட்டிய மூன்று.

கணக்கைக் கடைசி ஸ்பிரிங்க்ளரிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குத் தேவை 12.2 x 9 = 109.8 லிட்டர்.

```
Q = K √P
P = (109.8 / 115)² = 0.91 bar
```

அங்கிருந்து பம்ப்பை நோக்கி நடந்தால், இரண்டாவது ஸ்பிரிங்க்ளரில் இருக்கும் அழுத்தம் 0.91 பாரோடு இடையிலுள்ள குழாயின் உராய்வு இழப்பையும் சேர்த்தது. அழுத்தம் கூடினால் அந்த ஸ்பிரிங்க்ளர் கூடுதலாகக் கொட்டும். "எனக்கு 109.8 போதும்" என்று அது நிறுத்திக்கொள்ளாது. கிளை முழுக்க 50 மி.மீ. குழாய் (உள்விட்டம் 52.5), சி மதிப்பு 120 என்று வைத்தால், ஹேஸன்-வில்லியம்ஸ் சூத்திரப்படி ஆறாவது ஸ்பிரிங்க்ளரில் அழுத்தம் 1.21 பார். அது கொட்டுவது 126.6 லிட்டர்.

கிளையின் மொத்தம் 692 லிட்டர். வெறும் பெருக்கல் சொன்னது 659. கடைசி ஒன்றரை மீட்டர் குழாயையும் டீயின் சமான நீளம் 3 மீட்டரையும் சேர்த்தால், குறுக்குக் குழாயில் தேவைப்படும் அழுத்தம் 1.50 பார். இதிலிருந்து கிளைக்கென ஒரு கே மதிப்பு கிடைக்கிறது: 692-ஐ 1.504-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 564. அடுத்த கிளைகளுக்கு இதையே பயன்படுத்தலாம்.

குறுக்குக் குழாய் 80 மி.மீ. என்றால் இரண்டாவது கிளை 699 லிட்டரும், மூன்றாவது 722 லிட்டரும், நான்காவதில் உள்ள மூன்று ஸ்பிரிங்க்ளர்கள் 449 லிட்டரும் எடுக்கின்றன. மொத்தம் 2561 லிட்டர், நான்காவது கிளை சேரும் இடத்தில் 1.86 பார்.

2269 எங்கே, 2561 எங்கே! 13 சதவீத வித்தியாசம். ஹோஸைச் சேர்த்தால் 4454 லிட்டர். 120 நிமிடத்துக்கு 534 கன மீட்டர். பெருமையாக வாங்கிய 500 கன மீட்டர் தொட்டி 112-ஆவது நிமிடத்தில் காலி. கான்கிரீட் தொட்டி கட்டி முடித்த பிறகு 34 கன மீட்டரை எங்கே சேர்ப்பது?

இதற்கு வழக்கமாக வரும் எதிர்வாதம் ஒன்று உண்டு: சராசரியாக 12.2 கிடைத்தால் போதாதா? போதாது. தீ எரியும் இடத்துக்கு மேலே உள்ள ஸ்பிரிங்க்ளருக்குச் சராசரி தெரியாது. இதே குழாய்களில் 2269 லிட்டர் மட்டும் அனுப்பினால் கடைசி ஸ்பிரிங்க்ளருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 10.8 மி.மீ. மட்டுமே, பம்ப்பை ஒட்டியவை அப்போதும் தாராளமாகக் கொட்டிக்கொண்டிருக்கும். 12.2 என்பது மிகவும் பின்தங்கிய இடத்துக்கான குறைந்தபட்சம்.

ஓட்டம் தவறினால் அழுத்தமும் தவறும். உராய்வு இழப்பு ஓட்டத்தின் 1.85 அடுக்கில் ஏறுவது. நம் உதாரணத்தில் அதற்குப் பிறகு 150 மி.மீ. குழாய், பொருத்துகளும் வால்வுகளும் உட்பட 140 மீட்டர் சமான நீளம். 2561 லிட்டருக்கு இழப்பு 0.54 பார். 2269 என்று போட்டால் 0.43 பார்தான் வரும். தவறான ஓட்டம் எல்லாப் பகுதிகளிலும் இப்படியே இழப்பைக் குறைத்துக் காட்டும். உயரம் 10 மீட்டருக்கு 0.98 பார் சேர்த்தால் பம்ப் வெளிவாயில் தேவை 3.4 பார்.

சுருக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதைக் கண்டுபிடிக்கலாம். ஸ்பிரிங்க்ளர் ஓட்டத்தை (ஹோஸைக் கழித்துவிட்டு) வடிவமைப்புப் பரப்பால் வகுங்கள். விடை அச்சு அசலாக அடர்த்திக்குச் சமமாக வந்தால் யாரும் கணக்குப் போடவே இல்லை. மர வடிவ அமைப்பில் 10 சதவீதத்துக்கு மேல் கூடுதல் வருவது இயல்பு; கிரிட் அமைப்பில் குறையலாம், ஆனால் பூஜ்யம் வராது. நல்ல சுருக்கம் இரண்டு எண்களையும் காட்டும்: தேவையான அடர்த்தி 12.2, கணக்கில் வந்த சராசரி 13.8.

அமைப்பின் தேவையையே பம்ப் டியூட்டி என்று எழுதுவது

4454 லிட்டர், 3.4 பார் என்பது அமைப்பின் தேவை. பம்ப்பின் மதிப்பீட்டுப் புள்ளி வேறு. இரண்டுக்கும் தனித்தனி வரி வேண்டும். என்.எஃப்.பி.ஏ. 20-இன்படி பம்ப் 150 சதவீத ஓட்டத்தில் மதிப்பீட்டு அழுத்தத்தில் 65 சதவீதமாவது தர வேண்டும், ஓட்டமே இல்லாதபோது 140 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே 3785 லிட்டர் பம்ப்பும் இங்கே போதுமானதாக இருக்கலாம்: நமக்கு வேண்டியது அதன் 118 சதவீதப் புள்ளி. அங்கே வளைவு எவ்வளவு தருகிறது என்று தயாரிப்பாளரின் வரைபடத்தில் பார்த்து, அதையும் சுருக்கத்தில் எழுதுங்கள். தொட்டி நீர்மட்டம் தரும் அழுத்தத்தைக் கணக்கில் எடுப்பதானால் நிரம்பிய மட்டத்தை வைத்து அல்ல, கடைசி மட்டத்தை வைத்து.

"எதற்கும் இருக்கட்டும்" என்று அழுத்தத்தைக் கண்டபடி ஏற்றுவதும் ஆபத்துதான். 9 பார் பம்ப் ஓட்டமில்லாதபோது 12.6 பார் வரை போகலாம். 12.1 பாருக்கு மதிப்பிட்ட சாதாரண உதிரிகள் அங்கே தாங்காது.

உலர்குழாய்க்கு ஈரக்குழாயின் எண்கள்

பரப்பு 30 சதவீதம் கூடும்; 186 என்பது 242 ஆகும். கருப்பு எஃகுக் குழாயின் சி மதிப்பு 120-இலிருந்து 100-க்கு இறங்கும், அதனால் மட்டுமே உராய்வு இழப்பு 40 சதவீதம் ஏறும்.

இ.எஸ்.எஃப்.ஆர். ஸ்பிரிங்க்ளருக்கு அடர்த்தி எழுதுவது

அந்தக் கட்டமே அதற்குக் கிடையாது. கே மதிப்பு, குறைந்தபட்ச அழுத்தம், திறக்கும் ஸ்பிரிங்க்ளர் எண்ணிக்கை (வழக்கமாக 12, மூன்று கிளைகளில் நான்கு நான்காக) என்று எழுதுங்கள்.

தூரத்துப் பரப்பை மட்டும் கணக்கிடுவது

பம்ப்புக்கு அருகிலுள்ள பரப்பில் தீ வந்தால் குழாய் இழப்பு குறைவு, அழுத்தம் மிச்சம், ஆகவே ஓட்டம் அதிகம். ஐரோப்பிய விதியான இ.என். 12845 இந்தச் சாதகமான பரப்பையும் கணக்கிடச் சொல்கிறது. அமெரிக்க முறையில் வேலை செய்தாலும் ஒருமுறை அதைப் போட்டுப் பாருங்கள். அந்த ஓட்டத்தில் பம்ப் வளைவின் வலது நுனிக்குப் போய் மோட்டார் மீறிச் சுமை ஏற்கிறதா, தொட்டி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஹோஸ் ஓட்டத்தை எங்கே சேர்ப்பது

வெளி ஹைட்ரண்ட் எந்த இடத்தில் குழாயிலிருந்து பிரிகிறதோ அங்கே. அதற்கு முன்னால், பம்ப் வரை உள்ள குழாய் இரண்டு ஓட்டத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. உராய்வையும் அந்த மொத்தத்துக்கே போட வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் ஹைட்ரண்ட் பம்ப் வெளிவாயை ஒட்டியே பிரிவதால் 3.4 பார் மாறவில்லை. அது ரைசருக்கு அருகில் பிரிந்திருந்தால் 150 மி.மீ. குழாயில் பெரும்பகுதி 4454 லிட்டரைச் சுமந்திருக்கும். அந்தப் பகுதியின் இழப்பு ஏறக்குறைய 2.8 மடங்கு.