இரண்டு குழுவின் சதவீதத்தை ஒப்பிட எந்தச் சோதனை? (ஒகேனக்கல் தண்ணி சர்வேயில் நான் இடறிய கதை)

பென்னாகரம் பக்கம் ஒரு குடிநீர் சர்வேக்குக் கணக்குப் பார்க்கப் போனபோது கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தில் போர் தண்ணியில் ஃபுளோரைடு என்பது பழைய கதை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், பல வீடுகளில் குடிக்க மட்டும் அந்தத் தண்ணி, சோறு குழம்புக்கெல்லாம் போர் தண்ணிதான். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். அதனால் நாங்கள் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணியா?" பதில் ஆம் அல்லது இல்லை.

சதவீதம் எடுப்பது எப்படி, பி மதிப்பு என்றால் என்ன என்பதற்குள் போகவில்லை. எந்தச் சோதனையைக் கையில் எடுப்பது என்பது மட்டும்தான் இங்கே. கீழே வரும் எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காக நான் போட்ட எண்கள். சர்வே முடிவு என்று எங்கேயும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

முதல் கேள்வி: இரண்டு தடவையும் அதே ஆட்களா?

நான் விழுந்த இடம் இதுதான். 120 வீட்டில் முதலில் ஒரு சுற்றுக் கேட்டோம். 60 வீடு "ஆம்", அதாவது 50 சதவீதம். மகளிர் குழுக் கூட்டங்களில் விஷயத்தைப் பேசிவிட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கேட்டோம். 75 வீடு "ஆம்", 62.5 சதவீதம். நான் இரண்டையும் இரண்டு குழுவாக நினைத்து ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் இப்படிப் போட்டேன்:

```
prop.test(c(60, 75), c(120, 120), correct = FALSE)
```

பி மதிப்பு 0.051 வந்தது. 0.05-க்கு மேலே, ஆகவே "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று அறிக்கையில் எழுதியும் விட்டேன்.

களத்துக்கு வந்த அக்கா அதைப் படித்துவிட்டு, "தம்பி, ரெண்டு வாட்டியும் அதே வீட்டுக்குத்தானே போனோம்? சாக்பீஸ்ல நம்பர் போட்ட கதவுதானே எல்லாம்?" என்றார். அவருக்குப் புள்ளியியல் தெரியாது. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகத் தொட்டுவிட்டார்.

`prop.test` இரண்டு குழுவிலும் வேறு வேறு ஆட்கள் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அப்படி இருந்தால் இரண்டு பக்கத்தின் தற்செயல் ஏற்ற இறக்கமும் ஒன்றோடொன்று சேரும். அதே வீடு என்றால் அப்படி ஆகாது. தொடக்கத்திலிருந்தே ஒகேனக்கல் தண்ணியில் சமைக்கும் வீடு இரண்டு தடவையும் "ஆம்" என்றுதான் சொல்லும். அந்த வீட்டிடமிருந்து மாற்றத்தைப் பற்றி நமக்குத் தெரிய வருவது ஒன்றுமில்லை.

சதவீதத்தை விட்டுவிட்டு, வீட்டு எண் வாரியாக இரண்டு சுற்றின் பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு தடவையும் ஆம் 50 வீடு. இரண்டு தடவையும் இல்லை 35 வீடு. இல்லையிலிருந்து ஆமுக்கு வந்தது 25. ஆமிலிருந்து இல்லைக்குப் போனது 10.

மாறாத 85 வீட்டை ஓரமாக வையுங்கள். மாறியது மொத்தம் 35 வீடு. கூட்டத்தால் ஒரு பயனும் இல்லை என்றால் இந்த 35-ம் காசு சுண்டியது போல ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்திருக்க வேண்டும். பிரிந்ததோ 25-க்கு 10. இதுதான் மெக்நீமர் சோதனையின் மொத்த யோசனையும். `mcnemar.test` என்று தனிக் கட்டளை இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. காசு சுண்டுவதற்கான கட்டளையே போதும். என்ன செய்கிறோம் என்பதும் கண்ணுக்குத் தெரியும்:

```
binom.test(25, 35)
```

பி மதிப்பு 0.017. அதே தரவுதான், தவறான சோதனையில் "மாற்றம் இல்லை", சரியான சோதனையில் "மாற்றம் இருக்கிறது".

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாவது சுற்றின் தாளில் வீட்டு எண் எழுதாமல் வந்துவிட்டால் இந்த 25, 10 இரண்டையும் எடுக்க வழியே கிடையாது. 50 சதவீதம், 62.5 சதவீதம் என்ற இரண்டு எண்ணிலிருந்து அவற்றைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே சர்வேக்குக் கிளம்பும் முன்பே தாளின் தலையில் வீட்டு எண்ணுக்கு ஒரு கட்டம் போடுங்கள்.

வேறு வேறு ஆட்கள் என்றால்

இது சுலபம். வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு உள்ள குக்கிராமங்களில் 120 வீடு, அதில் 78 ஆம் (65 சதவீதம்). தெருக்குழாய் மட்டும் உள்ள குக்கிராமங்களில் 80 வீடு, அதில் 40 ஆம் (50 சதவீதம்).

```
prop.test(c(78, 40), c(120, 80), correct = FALSE)
```

பி மதிப்பு 0.035. இதைக் கையால் செய்தால் இசட் சோதனை, எக்செல்லில் `CHISQ.TEST` போட்டால் கை-ஸ்கொயர் சோதனை. இரண்டு குழு, ஆம்/இல்லை பதில் என்ற இடத்தில் இரண்டும் ஒன்றேதான், இசட்டை அதாலேயே பெருக்கினால் கை-ஸ்கொயர் வரும் (2.11-ஐ வர்க்கம் செய்தால் 4.46). எது நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

`correct = FALSE` ஏன் என்று கேட்பீர்கள். அதை எழுதாவிட்டால் ஆர் தானாகவே யேட்ஸ் திருத்தம் என்ற ஒன்றைச் சேர்த்துவிடும். பி மதிப்பு 0.049 ஆகிவிடும். எக்செல் அதைச் சேர்க்காது. நானும் நண்பரும் ஒரே அட்டவணைக்கு இரண்டு விடை எடுத்து ஒரு மாலை முழுக்க யார் தப்பு என்று சண்டை போட்டது இதனால்தான். அந்தத் திருத்தம் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும், நான் போடுவதில்லை. எதைப் போட்டாலும் விடையைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

பி மதிப்போடு நிறுத்தவும் வேண்டாம். அதே கட்டளை வித்தியாசத்துக்கு ஓர் எல்லையும் தரும்: 1 சதவீதப் புள்ளியிலிருந்து 29 வரை. அதாவது 15 புள்ளி வித்தியாசம் என்று நாம் சொல்வது, உண்மையில் ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சின்னதாகவும் இருக்கலாம், மிகப் பெரியதாகவும் இருக்கலாம். அறிக்கையில் நான் முதலில் எழுதுவது இதைத்தான்.

எண்ணிக்கை சிறியதாக இருந்தால்

இரண்டு சின்ன ஊரில் ஃபுளோரைடால் பல் கறை உள்ள பிள்ளை இருக்கும் வீடுகளை எண்ணுவதாக வையுங்கள். ஒன்றில் 18-க்கு 2, இன்னொன்றில் 22-க்கு 9. கை-ஸ்கொயர் 0.036 என்று சொல்லும். கூடவே ஆர் `Chi-squared approximation may be incorrect` என்று ஓர் எச்சரிக்கை விடும். நாம் அதைப் படிக்காமல் தாண்டிப் போவோம்.

"கட்டத்தில் 5-க்குக் கீழே இருந்தால் கை-ஸ்கொயர் கூடாது" என்று பலரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அது நாம் எண்ணி வந்த எண்ணைப் பற்றியது இல்லை, எதிர்பார்ப்பு எண்ணைப் பற்றியது. வித்தியாசமே இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்பதே எதிர்பார்ப்பு எண். மொத்தம் 40 வீட்டில் 11-ல் கறை. 18 வீட்டுக்கு 18 × 11 ÷ 40, அதாவது 4.95. மயிரிழையில் 5-க்குக் கீழே. இந்த இடத்தில் ஃபிஷர் சோதனை:

```
fisher.test(matrix(c(2, 16, 9, 13), nrow = 2))
```

பி மதிப்பு 0.073. ஃபிஷர் சற்றுக் கஞ்சத்தனமானது, உண்மையான வித்தியாசத்தையும் சில நேரம் விட்டுவிடும். அதற்காக 0.036-ஐப் பொறுக்கிக்கொள்வது நேர்மையில்லை. 40 வீட்டை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் இந்த இரண்டு விடையும் சேர்ந்து சொல்லும் சேதி.

பிற்சேர்க்கை: ஒரு வாசகர் கேட்டது

காரிமங்கலத்திலிருந்து எழுதிய ஒருவர், "அந்த 120 வீடும் 80 வீடும் எத்தனை ஊரில் எடுத்தது?" என்று கேட்டிருந்தார். நல்ல குத்து. குழாய் இணைப்புப் பக்கம் 6 குக்கிராமம், தெருக்குழாய்ப் பக்கம் 4, ஊருக்கு 20 வீடு என்பதுதான் அந்தக் கணக்கு.

ஒரே ஊர்க்காரர்களின் பதில் ஒன்றுபோல இருக்கும். தொட்டியில் தண்ணி ஏறாத ஊரில் 20 வீடும் சேர்ந்தேதான் போருக்குப் போகும். ஆகவே 20 வீடு 20 தனித்தனி சாட்சி ஆகாது. ஊருக்குள் பதில்கள் ஒத்துப்போகும் அளவு 0.05 என்று வைத்தால், தரவின் சிதறல் 1 + (20 − 1) × 0.05 = 1.95 மடங்காகப் பெருகும். பிழை அதன் வர்க்கமூலம், அதாவது 1.4 மடங்கு. இசட்டை அதால் வகுத்தால் 2.11 என்பது 1.51 ஆகும், பி மதிப்பு 0.13. மேலே நான் பெருமையாகக் காட்டிய 0.035 காணாமல் போய்விட்டது.

இந்த அடி முழுதாக விழுவது, இங்கே போல ஒவ்வோர் ஊரும் முழுக்க ஒரே குழுவில் இருக்கும்போது. ஒரே ஊருக்குள் இரண்டு குழுவும் கலந்திருந்தால் பாதிப்பு பெரும்பாலும் குறைவு. தரவுத் தாளில் ஊர்ப் பெயருக்கு ஒரு பத்தி இருந்தால் ஆரின் `survey` தொகுப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்:

```
library(survey)
d <- svydesign(ids = ~oor, weights = ~1, data = veedu)
svychisq(~samayal + kuzhu, d)
```

ஆனால் 10 ஊர் என்பது இதற்கும் குறைச்சல்தான்; விடையைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள். அடுத்த சர்வேயில் ஊருக்கு 20 வீடு பார்ப்பதை விட்டு, ஊருக்கு 8 வீடாக 25 ஊருக்குப் போகலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அதே 200 வீடுதான். "பஸ் காசு யார் குடுப்பா?" என்றார். பேச்சு இன்னும் முடியவில்லை.